கல்யாண மஹாலைக் கத்தரித்து ஒட்டிய கதை



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு அண்ணன்கள் கேட்டபோது, "எனக்கு என்ன தெரியும், எதைப் பற்றி எழுதுவது?" என்றுதான் முதலில் கேட்டேன். "நீ அந்தக் கோட்டை வீடியோவுக்குப் படம் செஞ்சியே, அதை எப்படிச் செஞ்சேன்னு எழுது. மத்தவங்களுக்கும் உதவும்" என்றார்கள். மூன்று முறை தப்பாகச் செய்து நான்காம் முறை சரி செய்த வேலை அது. தப்பையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். நீங்கள் செய்யும்போது நேராக நான்காம் முறையிலிருந்தே தொடங்கலாம் அல்லவா!

நம் ஊர்க் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது நாம் எல்லோரும் அறிந்ததே. மராத்தியர்களின் 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்தார்கள். அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. மீதி ஒன்று நம் செஞ்சி. அதன் பிறகு சிவில் பிரிவு நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு வீடியோ எடுத்தார்கள். இராஜகிரி அடிவாரத்துக் கீழ்க்கோட்டையில் நிற்கும் கல்யாண மஹாலைப் பற்றியது. அந்தக் கோபுரத்தின் மேல்தளம் வரை மண் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டு போனார்கள் என்று சொல்லப்படுகிறது. மோட்டார் இல்லாமல் தண்ணீர் எப்படி மேலே ஏறும் என்பதை, உயரத்தில் தேங்கிய நீர் மூடிய குழாயில் இறங்கித் தன் மட்டத்தை நோக்கி மறுபடி ஏறும் என்ற பாடத்தை வைத்து, ஆறு நிமிடத்தில் அழகாக விளக்கியிருந்தார்கள். பிளாஸ்டிக் குழாயும் வாளியும் வைத்துச் செய்தும் காட்டினார்கள்.

ஆனால் அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. பட்டியலில் அந்த வீடியோவின் முகமாக நின்ற சின்னப் படம், அதாவது தம்ப்நெயில், வீடியோவிலிருந்து தானாக எடுக்கப்பட்ட ஏதோ ஒரு காட்சி. சாம்பல் நிற மலை, அதன் முன் சாம்பல் நிறக் கட்டடம், மேலே வெளிறிய வானம். கணிப்பொறிப் பிரிவில் படிப்பவன் என்பதால் "நீ ஒரு நல்ல படம் பண்ணிக் கொடுடா" என்று என்னிடம் கொடுத்தார்கள்.

முதல் சோதனை: அம்மா

என் அம்மா கோட்டைக்குப் போகும் வழியில் வெள்ளரிப் பிஞ்சும் மோரும் விற்கிறார். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பழைய தம்ப்நெயிலை உச்சி வெயிலில் கைப்பேசியில் காட்டி, "இது இன்னான்னு தெரியுதாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "பாறை மாதிரி கீதுடா" என்றார்.

தினமும் கல்யாண மஹாலின் உச்சியைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்கிறவர் அவர். அவருக்கே தெரியவில்லை என்றால் வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வியிலிருந்துதான் என் வேலை தொடங்கியது.

தெரியாததற்குக் காரணம் எளிமையானது. நேரில் பார்க்கும்போது மஹால் முன்னால் இருக்கிறது, மலை பின்னால் இருக்கிறது என்பதை இரண்டு கண்களும் சேர்ந்து பிரித்துக் காட்டும். நாம் ஓர் அடி நகர்ந்தாலும் மஹால் நகரும், மலை நகராது. படத்தில் இந்த வசதி கிடையாது. இரண்டும் ஒரே தாளில் ஒட்டிக்கொள்கின்றன. வெளிச்ச அளவும் ஒன்றாக இருந்துவிட்டால், அவற்றைப் பிரிக்கும் கோடு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அந்தக் கோட்டை நாம் போட்டுக் கொடுக்க வேண்டும். பொருளைக் கத்தரித்து எடுத்து, வேறொரு பின்புலத்தின் மேல் வைப்பது அதற்காகத்தான்.

இதைச் செஞ்சி கடைத்தெருவில் போர்டு எழுதும் ஒரு பெரியவர் எனக்கு இன்னும் நன்றாகச் சொன்னார். அவர் இளவயதில் சினிமாக் கட்-அவுட் வரைந்தவர். ஒட்டுப்பலகையில் உருவத்தை வரைந்து, ஓரத்தை ரம்பத்தால் அறுத்து, சவுக்குச் சாரத்தில் கட்டி நிறுத்துவார்களாம். "மூஞ்சி நல்லா வரையறது அப்புறம் தம்பி. தூரத்திலேர்ந்து பஸ்ல வர்றவனுக்கு வெளிக்கோடு தெரியணும். ஆளு வேற, ஆகாசம் வேறன்னு பிரிஞ்சு நிக்கணும்" என்றார். தம்ப்நெயிலும் அதே கட்-அவுட்தான். பஸ்ஸில் போகிறவருக்குப் பதிலாக, விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறவர் பார்க்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

படம் எடுப்பது

கத்தரிக்கப் போகிறோம் என்று தெரிந்தால் படத்தையும் அதற்கேற்றபடி எடுக்க வேண்டும். நான் முதலில் நண்பகலில் எடுத்தேன். வெயில் நேர் மேலே இருந்ததால் மஹாலின் நான்கு பக்கமும் ஒரே மாதிரி தட்டையாக இருந்தது. மறுநாள் காலை வெயில் ஒரு பக்கமாக விழும் நேரத்தில் போனேன். ஒரு முகம் வெளிச்சமாகவும் பக்கத்து முகம் நிழலாகவும் இருந்தது. அடுக்கடுக்கான வளைவுகளும் மேலே உள்ள கூம்புக் கூரையும் தெளிவாக எழுந்து நின்றன. கத்தரித்த பிறகும் பொருளுக்குக் கனம் இருப்பது இந்த நிழலால்தான்.

இன்னொன்று, கோபுரத்தின் உச்சி முதல் அடி வரை முழுதாகப் படத்தில் விழ வேண்டும். முன்னால் மரக்கிளை வந்தால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். இலைகளுக்கு நடுவே கத்தரிப்பதைவிட இரண்டடி நடப்பது சுலபம்.

கத்தரிப்பது

நான் பயன்படுத்தியது GIMP என்ற இலவச மென்பொருள். நம் ஆய்வகக் கணிப்பொறியிலேயே ஓடும்.

முதலில் Fuzzy Select Tool என்பதை எடுத்து வானத்தின் மேல் ஒரு தட்டு தட்டினேன். ஒரே நிறமுள்ள பகுதியைத் தானாகத் தேர்வு செய்யும் கருவி அது. வானம் முழுவதும் தேர்வாகியது. கூடவே வெயில் பட்ட சுவரில் பாதியும் தேர்வாகிவிட்டது! வெளிறிய வானமும் வெயில் பட்ட சுவரும் அந்தக் கருவிக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. நிறம் தெளிவாக வேறுபடும் இடத்தில் மட்டுமே அதை நம்பலாம்.

ஆகவே Paths Tool எடுத்துக் கையாலேயே ஓரத்தைச் சுற்றி வந்தேன். கட்டடம் என்றால் இதுதான் நல்ல வழி, ஏனென்றால் கட்டடத்தின் ஓரம் பெரும்பாலும் நேர்கோடு. ஒவ்வொரு மூலையிலும் ஒரு புள்ளி வைத்தால் போதும். வளைவு வரும் இடத்தில் மட்டும் புள்ளியை வைத்தபடி இழுத்தால் கோடு வளையும். படத்தை 200 சதவீதம் பெரிதாக்கிக்கொண்டு, ஓரத்தின் மேலேயே வைக்காமல் ஒரு மயிரிழை உட்பக்கமாகப் புள்ளி வையுங்கள். சுற்றி வந்து முதல் புள்ளியில் முடித்து Enter அழுத்தினால், கோடு தேர்வாக மாறிவிடும். எனக்கு நாற்பது நிமிடம் ஆனது.

அடுத்தது முக்கியம். தேர்வு ஆனவுடன் பின்புலத்தை அழித்துவிடாதீர்கள். Layer > Mask > Add Layer Mask என்று போய் Selection என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது பின்புலத்தை அழிக்காது, மறைத்து மட்டும் வைக்கும். அந்த முகமூடியில் கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும். கூரையின் நுனியைத் தப்பாக வெட்டியிருந்தால் வெள்ளைத் தூரிகையால் பூசித் திரும்பக் கொண்டுவரலாம். நான் முதல் முறை அழித்துவிட்டு, நாற்பது நிமிட வேலையை மறுபடி செய்தேன்.

பிறகு அதை நீல நிறப் பின்புலத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது இரண்டு குறைகள் தெரிந்தன.

ஒன்று, மஹாலின் ஓரம் முழுக்க வெள்ளை நூல் கட்டியது போல ஒரு கோடு. காரணம் என்னவென்றால், ஓரத்தில் இருக்கும் பிக்சல் முழுக்கச் சுவரும் அல்ல, முழுக்க வானமும் அல்ல. இரண்டும் கலந்த நிறம். அதை வெட்டி வேறு இடத்துக்குக் கொண்டு போகும்போது பழைய வானத்தையும் சேர்த்துக் கொண்டு போகிறோம். இதற்கு மருந்து, முகமூடி போடுவதற்கு முன்னால் Select > Shrink கட்டளையில் 2 பிக்சல் உள்ளே சுருக்கிவிட்டு, Select > Feather கட்டளையில் 2 பிக்சல் கொடுத்து ஓரத்தைக் கொஞ்சம் மெதுவாக்குவதுதான். கைப்பேசியில் எடுத்த பெரிய படத்துக்கு இந்த அளவு சரியாக இருந்தது. படம் சிறியதாக இருந்தால் 1 பிக்சல் போதும்.

இரண்டாவது குறையை நான் கவனிக்கவே இல்லை. சிவில் நண்பன் ஒருவன்தான் காட்டினான். "டேய், வெளியே நீல வானம், வளைவுக்குள்ள மட்டும் வெள்ளை வானமா?" என்று சிரித்தான். மஹாலின் வளைவுகள் திறந்தவை. சிலவற்றின் வழியே அந்தப் பக்கத்து வானம் தெரிகிறது. வெளிக்கோட்டை மட்டும் வெட்டிவிட்டு ஓட்டைகளை மறந்துவிட்டேன். வானம் தெரிந்த ஒவ்வொரு வளைவையும் தனித்தனியாகத் தேர்வு செய்து, முகமூடியில் கறுப்பு பூசினேன். பின்புலம் உள்ளே தெரிந்த அந்த நொடியில்தான் அது ஒட்டிய காகிதமாக இல்லாமல் உண்மையான கட்டடமாக மாறியது. சைக்கிள், நாற்காலி, கைப்பிடி உள்ள குடம் என்று எதை வெட்டினாலும் முதலில் ஓட்டைகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

பின்புலம்

யூடியூப் தம்ப்நெயிலுக்கு 1280 பிக்சல் அகலமும் 720 பிக்சல் உயரமும் சரியான அளவு. அந்த அளவில் புதிய பக்கம் திறந்து, கத்தரித்த மஹாலை XCF ஆகச் சேமித்து, File > Open as Layers வழியாக அதற்குள் கொண்டுவந்தேன். அப்படிக் கொண்டுவந்தால் முகமூடியும் கூடவே வரும். பெரிய அளவில் வெட்டிவிட்டு இங்கே சிறிதாக்கியதால், வெட்டில் இருந்த சிறு கோணல்கள் மறைந்துவிட்டன.

பின்புலத்துக்கு முதலில் நல்ல மஞ்சள் போட்டேன். கண்ணைப் பறிக்கும் நிறம் அல்லவா! கணிப்பொறித் திரையில் பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் கைப்பேசியில் பார்த்தால் மஹால் மறுபடி கரைந்துபோயிருந்தது. ஏன் என்று புரியாமல், Image > Mode > Grayscale கட்டளையால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். விஷயம் புரிந்துவிட்டது. வெயில் பட்ட சுவரும் மஞ்சளும் ஒரே வெளிர் சாம்பலாக மாறியிருந்தன. நிறம் வேறாக இருந்தும் வெளிச்சம் ஒன்றாக இருந்திருக்கிறது. சின்னப் படத்தை வேகமாகப் பார்க்கும் கண், நிறத்தைவிட வெளிச்ச வித்தியாசத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. அதனால் இந்தச் சோதனையை நான் இப்போது ஒரு முறையும் விடுவதில்லை. கறுப்பு வெள்ளையில் பொருள் தனியாகத் தெரிந்தால், எந்த நிறத்திலும் தெரியும்.

பொருள் வெளிர் என்றால் பின்புலம் இருட்டாக இருக்க வேண்டும். பொருள் இருட்டு என்றால் பின்புலம் வெளிர். கல்யாண மஹால் காலை வெயிலில் வெளிர். ஆகவே பின்புலத்துக்கு ஆழ்ந்த நீலம். மஞ்சளை வீணாக்காமல் எழுத்துக்கு வைத்துக்கொண்டேன்.

அந்த நீலத்தை அழகாக்குகிறேன் என்று மேலே இருட்டாகவும் கீழே வர வர வெளிறியும் பூசினேன். அம்மாவிடம் காட்டினேன். இந்த முறை யோசிக்கவே இல்லை. "கல்யாண மகாலு" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அடுத்த கேள்வி, "ராத்திரியிலே உள்ள விடறாங்களாடா?"

படிப்படியாக வெளிறும் நீலத்தைக் கண் வானமாகவே எடுத்துக்கொள்கிறது. அதைப் பார்த்து யாராவது இரவில் கோட்டை பார்க்கலாம் என்று கிளம்பி வந்தால் என்ன ஆவது? ஆகவே மாற்றத்தை எடுத்துவிட்டு ஒரே சீரான தட்டை நீலமாக ஆக்கினேன். மஹாலைச் சுற்றி ஒரு வெள்ளை விளிம்பும் கொடுத்தேன். Layer > Mask > Mask to Selection என்று தேர்வு செய்து, Select > Grow வழியாக 6 பிக்சல் பெருக்கி, மஹாலுக்குக் கீழே ஒரு புதிய அடுக்கில் வெள்ளை நிரப்பினால் விளிம்பு வந்துவிடும். முன்பு குறை என்று எடுத்த வெள்ளை நூல் வேறு, இது வேறு. அது ஓரிடத்தில் மெல்லியதாகவும் ஓரிடத்தில் திட்டாகவும் இருக்கும் அழுக்கு. இது சுற்றிலும் ஒரே தடிமனுள்ள கோடு. தட்டை நிறமும் சீரான விளிம்பும் சேர்ந்ததும், இது வெட்டி ஒட்டிய படம், இரவுக் காட்சி அல்ல என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

எழுத்து

நான் முதலில் எழுதிய வாசகம்: "செஞ்சிக் கோட்டை கல்யாண மஹாலில் தண்ணீர் மேலே ஏறியது எப்படி?" முழுத் தலைப்பு. எட்டுச் சொற்களையும் அடக்க, எழுத்தின் உயரத்தை 60 பிக்சலாகக் குறைக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தம்ப்நெயில் எல்லா இடத்திலும் பெரிதாகத் தெரியாது. வீடியோவுக்குப் பக்கத்தில் வரும் பட்டியலில் ஏறக்குறைய 160 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கிவிடும். 1280-இல் எட்டில் ஒரு பங்கு. 60 பிக்சல் எழுத்து அங்கே ஏழெட்டு பிக்சல்தான். அதன் தலையில் இருக்கும் புள்ளி ஒரு பிக்சல்கூடத் தேறாது. மறைந்துவிடும். ஆங்கிலத்துக்கு இந்தக் கவலை குறைவு. தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். 'தண்ணீர்' என்பது 'தணணீர' ஆகிவிடும். 'செஞ்சி'யில் ஞகரத்தின் சுழிகள் மூடிக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிடும். நம் ஊர்ப் பெயரே இப்படிச் சதி செய்யும் என்று நான் நினைக்கவில்லை!

எழுத்து 160 பிக்சல் உயரம் இருந்தால், சுருங்கிய பிறகு 20 பிக்சல் இருக்கும். புள்ளி இரண்டு மூன்று பிக்சலாகத் தப்பித்துவிடும். ஆனால் அந்த உயரத்தில் இரண்டு சொற்களுக்குத்தான் இடம். வீடியோவின் முழுத் தலைப்பு எப்படியும் தம்ப்நெயிலுக்குக் கீழே அல்லது பக்கத்தில் வரப்போகிறது. அதையே படத்தில் திரும்ப எழுத வேண்டியதில்லை. மஹால் எது என்பதைப் படம் சொல்கிறது. படம் சொல்லாத ஒன்றை மட்டும் எழுத்து சொன்னால் போதும். ஆகவே "மேலே தண்ணீர்?" என்று இரண்டு வரியாக வைத்தேன்.

எழுத்துருவுக்குக் கூகிள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் Mukta Malar எடுத்தேன். அதன் தடித்த வடிவத்தில்கூட எழுத்துகளின் உள்வெளி திறந்தே இருக்கிறது. Baloo Thambi 2 என்பதும் நன்றாக இருக்கும். எதை எடுத்தாலும் 'ண', 'ஞ', 'ஜ' மூன்றையும் அடித்துச் சிறிதாக்கிப் பாருங்கள். இவை தேறினால் மற்றவை தேறும்.

எழுத்துக்கும் ஓர் இருண்ட விளிம்பு கொடுத்தேன். இதில் ஒரு பொறி இருக்கிறது. விளிம்புக் கோட்டை எழுத்தின் ஓரத்தின் மேலேயே வரைந்தால், பாதி வெளியேயும் பாதி உள்ளேயும் விழும். உள்ளே விழும் பாதி சுழிகளையும் புள்ளியையும் தின்றுவிடும். ஆகவே மஹாலுக்குச் செய்தது போலவே, எழுத்தைத் தேர்வு செய்து வெளிப்பக்கம் பெருக்கி, எழுத்துக்குக் கீழ் அடுக்கில் நிரப்ப வேண்டும். விளிம்பு வெளியே மட்டும் போகும்.

எழுத்தும் மஹாலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது. மஹாலை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் வைத்தேன். வலது கீழ் மூலையில் வீடியோவின் நேர அளவை யூடியூப் தானே ஒரு கறுப்புக் கட்டத்தில் போடும். அங்கே எதை வைத்தாலும் மறைந்துவிடும். எனக்கு அங்கே மஹாலின் அடித்தளம்தான் விழுந்தது, நஷ்டமில்லை. எழுத்தாக இருந்திருந்தால் கடைசிச் சொல் போயிருக்கும்.

கடைசியில் என் அடுக்குகள் மேலிருந்து கீழாக இந்த வரிசையில் இருந்தன: எழுத்து, எழுத்தின் விளிம்பு, மஹால், மஹாலின் விளிம்பு, தட்டை நீலம். மஹாலுக்கும் அதன் விளிம்புக்கும் இடம் மாறினால், வெள்ளைக் கட்டி ஒன்று கோட்டையை மூடிக்கொண்டு நிற்கும். பயப்பட வேண்டாம், அடுக்கை ஒரு படி கீழே இழுத்தால் சரியாகிவிடும்.

அருவி வேண்டுமா?

இந்தக் கட்டத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. ஒரு நண்பன், "மஹால் உச்சியிலிருந்து அருவி கொட்டற மாதிரி போடுடா, எல்லாரும் திறந்து பார்ப்பாங்க" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஒரு மாதம் உழைத்த வீடியோவை யாரும் பார்க்கவில்லை என்ற வருத்தம் அவனுக்கு. வேண்டிய அருவிப் படத்தைக்கூடத் தேடி வைத்திருந்தான்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. வீடியோவில் அருவி இல்லை. அருவிக்காகத் திறந்தவர் முதல் நிமிடத்திலேயே மூடிவிட்டுப் போவார். அடுத்த முறை நம் பெயரைப் பார்த்தாலே தாண்டிவிடுவார். வீடியோவில் இல்லாததைக் காட்டி ஏமாற்றும் தம்ப்நெயிலை யூடியூப் விதிகளும் அனுமதிப்பதில்லை. அதைவிட, கோட்டை பார்க்க வருகிறவர்கள் அம்மாவிடம் வந்து "அருவி எங்கேம்மா?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்?

ஆனாலும் அவன் கேட்டதில் ஓர் உண்மை இருந்தது. என் படத்தில் தண்ணீர் என்ற சொல் இருந்ததே தவிர, தண்ணீர் இல்லை. எழுத்துத் தெரியாதவருக்கு அது வெறும் மஹால்தான். ஆகவே மஹாலின் பக்கத்தில், அடியிலிருந்து உச்சி வரை, வெளிர் நீலத்தில் தடித்த அம்புக்குறி ஒன்று வரைந்தேன். அடியில் ஒரு நீர்த்துளி. அது வரைபடம் என்பது யாருக்கும் தெரியும், அருவி என்று ஏமாற மாட்டார்கள். நண்பனும் சமாதானமானான்.

கடைசிச் சோதனை

View > Zoom பட்டியலில் 1:8 என்பதைத் தேர்ந்தெடுத்தால், 1280 பிக்சல் படம் திரையில் 160 பிக்சலாக நிற்கும். நாற்காலியைப் பின்னால் தள்ளி, ஒரு கை தூரத்தில் பார்த்தேன். மஹால் தெரிந்தது, அம்பு தெரிந்தது, 'ண்' மேல் புள்ளி தெரிந்தது. பிறகு கறுப்பு வெள்ளையிலும் பார்த்துவிட்டு, Ctrl+Z அடித்து நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். File > Export As வழியாக JPG ஆக எடுத்தேன். 2 எம்.பி.க்குள் இருந்தால் தடையில்லாமல் ஏறும். சொந்தத் தம்ப்நெயில் போட, சானலைத் தொலைபேசி எண் மூலம் முன்பே உறுதி செய்திருக்க வேண்டும். அடுக்குகளோடு உள்ள XCF கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். JPG-யில் அடுக்குகள் ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு பிரிக்க முடியாது.

தம்ப்நெயிலால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். அது கதவைத் திறக்க வைக்கும், உள்ளே உட்கார வைக்காது. உட்கார வைத்தது என் நண்பர்களின் வாளியும் குழாயும்தான். எந்தப் படம் நல்லது என்று நண்பர்களுக்குள் வாதம் வந்தால், யூடியூப் ஸ்டுடியோவில் மூன்று படங்கள் வரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. எதைச் சொடுக்கியவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்து அது தீர்ப்புச் சொல்கிறது. வெறும் சொடுக்கை எண்ணுவதில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம், வியாபாரம் ஓய்ந்த நேரம் பார்த்து, அதே வெயிலில் அம்மாவிடம் காட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை, காட்டினேன், அவ்வளவுதான்.

"கல்யாண மகாலு..." என்றவர், அம்புக்குறியை விரலால் கீழிருந்து மேலாகத் தடவினார். "தண்ணி மேல போவுதா? எப்பிட்றா போவும்?"

நான் கைப்பேசியை அவர் கையிலேயே கொடுத்து வீடியோவைப் போட்டேன். மோர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறு நிமிடமும் பார்த்தார்.



— இரண்டாம் ஆண்டு மாணவன்,
கணிப்பொறிப் பிரிவு